மெதுவாகப் பாடிப் பாருங்கள்: குரல் காயப்பட்டால் முதலில் தெரியும் இடம்

பிளாக்டவுனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் எங்களில் பலருடைய குரலுக்குக் கிழமை நாட்களில் பெரிதாக வேலை இல்லை. முழு வேலையும் சனி, ஞாயிறில்தான். சனி காலை தமிழ்ப் பாடசாலை, பின்னேரம் சங்கீத வகுப்பு அல்லது ஒத்திகை, இரவில் ஒரு மண்டப நிகழ்ச்சி. ஞாயிறு காலை ஆராதனை அல்லது கோயில். திங்கட்கிழமை தொலைபேசியில் பேசினால், "என்ன, தொண்டை கட்டிப் போச்சோ?" என்று மற்றப் பக்கத்தில் கேட்பார்கள். சுடுதண்ணியும் மல்லித்தண்ணியும் குடிப்போம். புதன்கிழமை குரல் திரும்பிவிடும். ஆகவே ஒன்றுமில்லை என்று நினைத்து அடுத்த சனிக்குத் தயாராவோம்.

இப்படிப் போவதும் வருவதுமாக இருக்கும் குரலைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். பாடகர்கள், போதகர்கள், ஓதுவார்கள், கூத்துக்காரர், வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் பொதுவான விஷயம் இது.

எங்கள் இசை உலகத்தில் இதற்கு ஒரு பெரிய நினைவு உண்டு. செம்பை வைத்தியநாத பாகவதர் 1952ஆம் ஆண்டு ஒரு கோயில் கச்சேரியில் பாடிக்கொண்டிருந்தபோது குரல் நின்றுபோனது. கணீரென்ற, திறந்த குரலுக்குப் பெயர் பெற்றவர் அவர். பின்னர் குரல் திரும்பியது. அது குருவாயூரப்பன் அருள் என்று அவர் நம்பினார். 1974இல் மறையும் வரை பாடினார். அவருடைய குரல்நாண்களுக்கு என்ன நேர்ந்தது என்று இன்று நாங்கள் தூர இருந்து சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்கு அப்படி ஒருவருக்கு நடந்தால், சில நிமிடங்களில் குரல்நாண்களை நேரில் பார்த்துவிடலாம். எங்களில் பலர் அந்த இடம் வரை போவதில்லை என்பதுதான் குறை.

குரல்நாண் என்ன வேலை செய்கிறது?

குரல்வளைக்குள் இரண்டு சிறிய மடிப்புகள் இருக்கின்றன. வளர்ந்த ஆணுக்கும் அவற்றின் நீளம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர்தான்; பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. நாங்கள் ஒலி எழுப்பும்போது இரண்டும் ஒன்றோடொன்று மோதி மோதிப் பிரிகின்றன. சுருதியின் உயரம் என்பது ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் மோதுகின்றன என்பதே. 5 கட்டையில் பாடும் ஒரு பெண்ணின் ஆதார ஸட்ஜத்துக்கு ஒரு செக்கனில் 196 மோதல்கள். அவர் மேல் ஸட்ஜத்தைப் பிடித்து நிற்கும்போது 392.

ஒரு போதகரை எடுத்துக்கொள்வோம். இவர் ஓர் உதாரண மனிதர்தான். ஆனால் இவரைப் போன்றவர்களை எல்லோருக்கும் தெரியும். வாடகைக்கு எடுத்த பாடசாலை மண்டபத்தில் 45 நிமிடம் பிரசங்கம் செய்கிறார். மூச்செடுக்கும் நேரம், இடைவெளி, ஒலியில்லா எழுத்துகள் எல்லாவற்றையும் கழித்து, அதில் பாதி நேரம் குரல் ஒலிக்கிறது என்று வைத்தால் 1,350 செக்கன். சாதாரணமாக உரையாடும்போது ஓர் ஆணின் குரல் செக்கனுக்கு ஏறக்குறைய 120 தரம் அதிரும். அந்தக் கணக்கில் 1,62,000 மோதல்கள். ஆனால் பிரசங்கம் சூடுபிடிக்கும்போது சத்தத்தோடு சுருதியும் ஏறும். 250க்குப் போனால் அதே 45 நிமிடத்தில் 3,37,500. அதோடு ஒவ்வொரு மோதலும் பலமானது. மெல்லக் கைதட்டுவதற்கும் ஓங்கி அடிப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது அது.

இந்த மோதலைத் தாங்கத்தான் நாண்கள் அமைந்திருக்கின்றன. அளவு மிஞ்சினால் அவற்றின் விளிம்பில் நீர் கோர்த்து வீங்கும். ஓய்வு கிடைத்தால் வீக்கம் வடியும். அதுதான் எங்கள் புதன்கிழமை. வடிவதற்கு முன்னமே திரும்பவும் பாரம் ஏற்றினால், மோதல் அதிகம் படும் இடத்தில், நாணின் முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரு பக்கமும் தடிப்பு உண்டாகும். மண்வெட்டி பிடிக்கிறவரின் உள்ளங்கையில் வரும் காய்ப்பு மாதிரித்தான். வைத்தியர்கள் இதை நொடியூல் என்பார்கள்.

காய்ப்பு வலிக்காது. குரல்நாணின் விளிம்பு வீங்கினாலும் அப்படித்தான்: பெரும்பாலும் வலி இருக்காது. பாடியபின் தொண்டை நோகிறது என்றால் அது அநேகமாகக் கழுத்துத் தசைகள் இறுகியதன் நோவு. ஆகவே "நோகவில்லை, பிரச்சினை இல்லை" என்ற கணக்கு இங்கே பொருந்தாது.

சத்தம் மறைக்கும், மென்மை காட்டிக்கொடுக்கும்

வலி சொல்லாவிட்டால் வேறு எது சொல்லும்? மென்மையான மேல் சுரங்கள்தான் முதலில் சொல்லும்.

வீங்கிய நாணைப் பெருங்குரலில் பாட வைத்துவிடலாம். மூச்சை அழுத்தினால் அது அதிரும். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பாடுபவருக்கே தெரியாமல் போகலாம். ஆனால் மிக மெதுவாக, உயரமான சுரத்தைத் தொடும்போது மூச்சின் அழுத்தம் குறைவு. தடித்த விளிம்பு உடனே அதிரத் தொடங்காது. முதலில் காற்று மட்டும் கசியும், பிறகு குரல் வரும். அல்லது நடுவில் அறுந்துபோகும். பாடகர்களைப் பார்க்கும் வைத்தியர்கள் இதையே ஒரு சோதனையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வீட்டில் செய்ய இரண்டு நிமிடம் போதும்.

காலையில் எழுந்து ஒரு மணித்தியாலம் கழித்துச் செய்யுங்கள். பாடகர் என்றால் தொலைபேசியில் தம்புராவை வைத்து, பக்கத்து அறையில் குழந்தை நித்திரை கொள்கிறது என்று எண்ணிக்கொண்டு, அந்த அளவு மெதுவாக மத்திய ஸ்தாயியிலிருந்து மேல் நோக்கி ஒவ்வொரு சுரமாக, சிறு சிறு துண்டாக "ஊ" என்று தொடுங்கள். காற்றுக் கசியாமல், தாமதமில்லாமல் தொடங்கிய கடைசிச் சுரம் எது என்று குறித்து வையுங்கள். பாடாதவர் என்றால் மெதுவான "ஊ" ஒலியைக் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போய், எந்த இடத்தில் அறுகிறது என்று கவனியுங்கள். தொலைபேசியில் பதிவு செய்தால் அடுத்த நாளோடு ஒப்பிடலாம். குரல் நலமாக இருக்கும் ஒரு கிழமையில் இதைச் செய்து உங்கள் வழமையான அளவை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

எங்கள் போதகர் சாதாரண நாளில் வழுக்கிக்கொண்டு மேலே போகும்போது குரல் அறுவதில்லை. திங்கள் காலை பாதி வழியில் அறுகிறது. செவ்வாய் கொஞ்சம் மேலே போகிறது. புதன் வழமைக்கு வந்துவிட்டது. இது வடியும் வீக்கம். ஆனால் ஞாயிறு பாரம் எல்லையைத் தொடுகிறது என்பதற்கு அடையாளமும்கூட. இரண்டு மாதம் கழித்து வெள்ளிக்கிழமையும் குரல் பாதி வழியில் அறுகிறது என்றால், அவர் வீக்கத்தோடேயே அடுத்த ஞாயிறுக்குப் போகிறார். பேசும் குரல் இன்னும் நன்றாகத்தான் கேட்கும். பாரத்தைக் குறைக்க வேண்டிய நேரமும் வைத்தியரிடம் போக வேண்டிய நேரமும் இதுதான். குரல் முழுதாக அடைக்கும் வரை பார்த்திருக்கத் தேவையில்லை.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ஏதோ மாற்றம் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். காய்ப்பா, கட்டியா, சளிக் காய்ச்சலின் வீக்கமா என்று சொல்லாது.

மேடைக்கு முன்னும் பின்னும்

எங்கள் பழைய குருமார் விடியற்காலையில் கீழ் ஸ்தாயியில் சாதகம் செய்யச் சொன்னதில் காரணம் இருக்கிறது. குறைந்த மோதலில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதுதான் முறை. காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, சுருதியைக் கேட்டவுடன் வர்ணத்தை இரண்டாம் காலத்தில் பாடுவது ஆயத்தம் ஆகாது. ஓடும் காரில் பாடிப் பழகுவதும் நல்லதல்ல. வண்டிச் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக எங்களை அறியாமலே கத்துவோம்.

இன்று பேச்சு சிகிச்சையாளர்கள் அதிகம் பயன்படுத்தும் ஆயத்தம் ஒரு ஸ்ட்ரோவும் அரைக் கோப்பைத் தண்ணீரும்தான். ஸ்ட்ரோவின் நுனியைத் தண்ணீருக்குள் இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்கு விட்டு, உதடுகளால் இறுகப் பற்றி, அதன் வழியாக "ஊ" என்று ஒலியெழுப்புங்கள். குமிழிகள் ஒரே சீராக வரவேண்டும், கன்னம் உப்பக்கூடாது, கழுத்து இறுகக்கூடாது. முதலில் வசதியான ஒரே சுரத்தில், பிறகு கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் வழுக்கி, கடைசியில் தெரிந்த ஒரு பாட்டின் மெட்டை அப்படியே. 5 நிமிடம் போதும். வாய்ப்பக்கம் ஒடுங்கியிருப்பதால் காற்று கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் நாண்களைச் சற்று விலக்கி வைப்பதால் அவை அதிரும். ஆனால் ஓங்கி மோதாது. ஸ்ட்ரோ இல்லாத இடத்தில் உதடுகளைத் தளரவிட்டு, சின்னப் பிள்ளைகள் கார் ஓட்டும்போது செய்வது போல "பிர்ர்ர்" என்று ஒலிக்கச் செய்தாலும் அதே பலன்.

நிகழ்ச்சி முடிந்த பின்னும் இரண்டு மூன்று நிமிடம், மேலிருந்து கீழே மெதுவாக, இதையே செய்யுங்கள். ஆனால் உண்மையில் எங்கள் குரலுக்கு அதிகக் கேடு வருவது அந்த நேரத்தில்தான். கச்சேரி முடிந்து, சாப்பாட்டு மேசையில், பின்னணியில் பாட்டு ஓட, நாற்பது பேரோடு சத்தமாகக் கதைக்கிறோம். இரண்டு மணித்தியாலம் பாடியவர் அங்கே இன்னொரு கச்சேரி செய்கிறார். வெளியே வந்து அமைதியான இடத்தில் கதைப்பது எந்த மருந்தையும் விடப் பயன் தரும். அதே போல 30 பேருக்குப் பேசினாலும் மைக் வேண்டும். "எனக்கு மைக் தேவையில்லை" என்பது குரலுக்குப் பெருமையல்ல, செலவு.

மல்லித்தண்ணியும் மிளகும் எங்கே போகின்றன?

நாங்கள் குடிப்பதும் விழுங்குவதும் உணவுக்குழாய்க்குள் போகின்றன. குரல்நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாயிலில். ஒரு துளி தண்ணீர் அங்கே பட்டால் புரைக்கேறும். ஆகவே மல்லியும் இஞ்சியும் மிளகும் கற்கண்டும் தொண்டைக்கு இதமாக இருக்கும், உடம்புக்குத் தண்ணீர் சேரும். ஆனால் நாணின் வீக்கத்தை அவை தொட்டு ஆற்றுவதில்லை. அதிமதுரத்தை நாள்தோறும் அதிகம் எடுப்பவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறலாம் என்பதையும் மறக்கக்கூடாது. நீராவி நாண் வரை போகும். ஆனால் கொதிநீர்ச் சட்டியின் மேல் போர்வை போட்டுக் குனிவது, பிள்ளைகள் உள்ள வீட்டில், சுடுநீர்க் காயத்துக்கு வழி. கதவைச் சாத்திய குளியலறையில் சுடுநீரை ஓடவிட்டால் போதும்.

குரல் கம்மியிருக்கும்போது நாங்கள் செய்யும் சில காரியங்கள் நிலைமையைக் கெடுக்கும். அடிக்கடி செருமுவது, நாண்களை ஓங்கி மோத விடுவது. செருமத் தோன்றும்போது ஒரு மிடறு தண்ணீர் குடித்து விழுங்குவது நல்லது. காதுக்குள் குசுகுசுப்பதை நாங்கள் ஓய்வு என்று நினைக்கிறோம். பலர் அப்படிப் பேசும்போது குரல்வளையை மேலும் இறுக்குகிறார்கள். மெதுவாக, சாதாரணக் குரலில், சுருக்கமாகப் பேசுவதே மேல். மரக்கச் செய்யும் தொண்டை மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு மேடையேறுவது எச்சரிக்கையை அணைத்துவிட்டு வண்டியோட்டுவது போன்றது.

எங்கள் வயதுக்காரர் மருந்துப் பெட்டியையும் ஒருமுறை பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் விடாத வறட்டு இருமலைத் தரும். ஆஸ்துமாவுக்கான ஸ்டீரொயிட் பம்ப் குரலைக் கம்மச் செய்யலாம். ஒவ்வொரு தரமும் வாய் கொப்பளிக்க வேண்டும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குடும்ப வைத்தியரிடம் குரலைப் பற்றிச் சொல்லுங்கள், மாற்று உண்டா என்று அவர் பார்ப்பார்.

எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது?

சளிக்காய்ச்சலோடு வரும் கம்மல் பெரும்பாலும் ஒன்று இரண்டு கிழமையில் தானாகப் போகும். அந்த நாட்களில் பாடாமல் இருப்பதே மருந்து.

பாடும்போதோ கத்தும்போதோ இருமும்போதோ சட்டென்று குரல் உடைந்து, அடுத்த நிமிடமே மாறிப்போனால் அது வேறு விஷயம். நாணுக்குள் ஒரு சிறு இரத்தக் குழாய் வெடித்திருக்கலாம். 2011இல் பாடகி அடெலுக்கு நடந்தது குரல்நாணில் இரத்தக் கசிவு. அந்த ஒக்ரோபரில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை நிறுத்தினார். நவம்பரில் பொஸ்டனில் சத்திரசிகிச்சை நடந்தது. 2012 பெப்ரவரியில் கிராமி மேடையில் மறுபடி பாடினார். அவர் நிறுத்தியதுதான் இங்கே பாடம். இரத்தக் கசிவின் மேல் பாடினால் தழும்பு விழலாம், தழும்பு விழுந்த நாண் முன்போல அதிராது. ஆகவே அன்றைய நிகழ்ச்சியை அந்த இடத்திலேயே நிறுத்தி, பேசாமல் இருந்து, ஓரிரு நாளில் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்க்க வேண்டும். அஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்றவை இரத்தம் உறைவதைத் தாமதமாக்கும். நோவுக்காக அவற்றை நீங்களாக எடுக்காதீர்கள். இதயத்துக்காக வைத்தியர் கொடுத்த அஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

மெல்ல வந்த கம்மலுக்கு 4 கிழமை எல்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர்களின் கழகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டல், 4 கிழமையில் தெளியாத கம்மலுக்குக் குரல்வளையைப் பார்க்க வேண்டும் என்கிறது. குரலால் தொழில் செய்பவருக்கு அதற்கு முன்னமே பார்க்கலாம் என்றும் சொல்கிறது. பார்க்காமல் வழமையாக அன்டிபயோட்டிக்கோ ஸ்டீரொயிட்டோ கொடுக்கக்கூடாது, கம்மலை மட்டும் வைத்து நெஞ்செரிவு மாத்திரை கொடுக்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. புகைப்பவர், முன்பு புகைத்தவர், கழுத்தில் கட்டி உள்ளவர், விழுங்கச் சிரமப்படுபவர், சளியில் இரத்தம் காண்பவர், காரணமில்லாமல் மெலிபவர், தைரொயிட் சத்திரசிகிச்சைக்குப் பின் குரல் மாறியவர் ஆகியோர் 4 கிழமை காத்திருக்கக்கூடாது. மூச்சு இழுக்கும்போது ஓசை வந்து மூச்சுத் திணறினால் உடனே 000.

குரல் கிளினிக் வரை

இங்கே முதற்படி குடும்ப வைத்தியர். "தொண்டை சரியில்லை" என்றால் தொண்டையைப் பார்ப்பார், மாத்திரை எழுதுவார். நாண்கள் வாயைத் திறந்தால் தெரியாது. ஆகவே இப்படிச் சொல்லுங்கள்: "நான் வாரம் இத்தனை மணித்தியாலம் பாடுகிறேன் அல்லது பிரசங்கிக்கிறேன். குரல் இத்தனை கிழமையாகக் கம்மியிருக்கிறது. மென்மையான மேல் குரல் போய்விட்டது. குரல்நாண்களைப் பார்க்க வேண்டும்." அவர் கடிதம் தந்தால்தான் நிபுணரிடம் மெடிகெயர் பணம் திரும்பக் கிடைக்கும். தனியார் நிபுணர் மேலதிகமாக எவ்வளவு எடுப்பார் என்று பதியும்போதே கேளுங்கள். பொது வைத்தியசாலை கிளினிக்கில் கட்டணம் இல்லை, ஆனால் காத்திருக்க நேரும். ஆங்கிலம் சிரமமான பெற்றோருக்கு 131 450 இலக்கத்தில் அரச மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. தமிழ் என்று கேட்கலாம்.

குரல் கிளினிக் என்பது காது மூக்கு தொண்டை நிபுணரும் பேச்சு சிகிச்சையாளரும் ஒன்றாகப் பார்க்கும் இடம். மூக்கு வழியாக மெல்லிய கமராக் குழாயை, அல்லது வாய் வழியாகக் கம்பி போன்ற ஒன்றை விடுவார்கள். மரக்கச் செய்யும் ஸ்ப்ரே அடிப்பார்கள், சில நிமிடம்தான். செக்கனுக்கு 200 தரம் அதிரும் நாணைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால், குரலின் அதிர்வுக்குச் சற்று விலகிய வேகத்தில் மின்னும் விளக்கைப் பயன்படுத்துவார்கள். அப்போது நாண் மெல்ல அலையடிப்பது போலத் தோன்றும். அந்த அலை எங்கே தடைப்படுகிறதோ அங்கேதான் கோளாறு. இது ஸ்ட்ரோபோஸ்கோப்பி. "எனக்கு ஸ்ட்ரோபோஸ்கோப்பி செய்வீர்களா?" என்று முன்னமே கேட்பதில் தவறில்லை. குரல்வளையை முதன்முதலில் கண்ணாடி வைத்துப் பார்த்து விளக்கியவர்களில் முன்னோடி வைத்தியர் அல்ல. மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர். 1854இல் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார்.

காய்ப்பு என்று தெரிந்தால் பயப்படத் தேவையில்லை. முதல் சிகிச்சை கத்தி அல்ல, பேச்சு சிகிச்சைதான். சில மாதங்கள் பயிற்சியும் பாரக் குறைப்புமாகப் போகும். காய்ப்பு சுருங்கும், பல வேளை மறையும். சத்திரசிகிச்சையை இலேசாக எடுக்கக்கூடாது என்பதற்கு "சவுண்ட் ஒப் மியூசிக்" நடிகை ஜூலி அன்ட்ரூஸ் சாட்சி: 1997இல் குரல்நாணில் சத்திரசிகிச்சை செய்தபின் அவருடைய பாட்டுக் குரல் திரும்பவில்லை. பேச்சு சிகிச்சையாளரிடம் கடிதம் இல்லாமலே போகலாம். 6 மாதத்துக்கு மேல் நீடித்த, அல்லது நீடிக்கக்கூடிய கோளாறு என்றால், குடும்ப வைத்தியர் போடும் நாட்பட்ட நோய்த் திட்டத்தின் கீழ் ஓர் ஆண்டில் 5 தடவை வரை மெடிகெயர் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்.

எங்கள் போதகருக்கு கிளினிக்கில் சொல்லப்போவது பெரும்பாலும் இதுதான்: சனிக்கிழமை வகுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள், மண்டபத்தில் மைக் போடுங்கள், 45 நிமிடத்தை 25 ஆக்குங்கள், ஆராதனை முடிந்து ஒரு மணித்தியாலம் மௌனமாக இருங்கள். இவற்றில் எதையும் அவர் தனியாகச் செய்ய முடியாது. வகுப்பை ஏற்க ஒருவர் வேண்டும், மைக்கைக் கொண்டுவர ஒருவர் வேண்டும், கதைக்க வருபவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல ஒருவர் வேண்டும். நிகழ்ச்சி நிரல் எழுதுகிற நாங்கள்தான் அந்த ஒருவர்.